தொண்ணூற்றாறு கேட்டது, எண்பத்தெட்டு கிடைத்தது

பாகலூர் சாலையில் இருக்கும் எங்கள் தொழிற்சாலையில் பிரேக்குக்கான அலுமினிய வார்ப்புகளைத் துளையிட்டு, கடைந்து, பெட்டியில் அடுக்கி அனுப்புவார்கள். நான் அங்கே தரப் பிரிவில் இன்ஜினியர். ஊர் தென்காசிப் பக்கம். மத்திகிரியில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன்.

லைனின் கடைசியில் ஒரு கேமரா பொருத்தியிருக்கிறோம். பாகம் அதன் கீழே வந்து நின்றதும் படம் எடுத்து, துளையின் விட்டத்தை அளந்து, சரி என்றால் பச்சை விளக்கும் தப்பு என்றால் சிவப்பு விளக்கும் போடும். கேமராவை வெளியே வாங்கினோம். அளக்கும் நிரலை எழுதியது நான். கல்லூரியில் படித்தது மெக்கானிக்கல். நிரல் எழுதும் பைதான் மொழி எல்லாம் வீட்டில் உட்கார்ந்து சொந்தமாகப் படித்ததுதான். அதனால் அந்த நிரல்மீது எனக்குக் கொஞ்சம் அதிகப்படியான பிரியம் உண்டு. அதைப் பற்றி யாராவது குறை சொன்னால் முகம் சுருங்கிவிடும்.

நிரல் ஓடுவதற்கு வேண்டிய, மற்றவர்கள் எழுதிவைத்த தொகுப்புகளை, கேமராவோடு பேசும் ஒன்றைத் தவிர, எல்லாம் காண்டா என்ற மென்பொருளை வைத்து, கணினியில் மற்றவற்றோடு கலக்காத ஒரு தனிச் சூழலில் நிறுவியிருந்தேன். லைனில் கேமரா பார்க்கும் அக்காவிடம் முதல் நாள் இதை விளக்கியபோது, "பேரே காண்டாவா? அப்ப அடிக்கடி கோவம் வரும்" என்று சிரித்தார். அவருக்கு வீட்டில் தெலுங்கு, பக்கத்து வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ். கேமரா வருவதற்கு முன் அதே துளைகளைக் கையில் பிளக் கேஜை வைத்துச் சோதித்தவர். நிரல் சரியாக அளக்கிறதா என்று எனக்குச் சொல்லித் தந்ததில் பாதி அவர்தான்.

எட்டு மாதம் ஒரு சிக்கலும் இல்லை.

ஒரு சனிக்கிழமை மதியம், வாடிக்கையாளர் தரப்பிலிருந்து ஒரு கோரிக்கை வந்தது. தினசரி அறிக்கையில் வெறும் எண்கள் போதாது, விட்டங்களின் பரவலைப் படமாகக் கொடுங்கள் என்றார்கள். அதற்குத் தோதான ஒரு தொகுப்பை இணையத்தில் பார்த்துவைத்தேன். காண்டாவில் தேடினேன், இல்லை. பிப்பில் இருந்தது. பைதான் தொகுப்புகளை நிறுவ பிப் இன்னொரு வழி; கேமராத் தொகுப்பும் அதில்தான் வந்தது. இரண்டும் ஒரே சூழலுக்குள் நிறுவ முடியும் என்பது தெரியும். இரண்டும் ஒன்றையொன்று கலந்து பேசிக்கொள்வதில்லை என்பதும் எங்கேயோ படித்ததுதான். படித்ததோடு சரி.

லைன் கணினியில் இணையம் கிடையாது. என் போனைக் கேபிளில் மாட்டி, ஒரே ஒரு கட்டளை கொடுத்தேன். திரையில் வரிகள் வேகமாக ஓடின. நடுவில் சிவப்பில் ஏதோ வந்தது. கடைசி வரி வெற்றிகரமாக நிறுவப்பட்டது என்று சொன்னது. நான் அந்தக் கடைசி வரியை மட்டும் படித்தேன். படம் போடும் சின்ன நிரலைத் தனியாக ஓட்டிப் பார்த்தேன். அழகாக வந்தது. அறிக்கையை அனுப்பிவிட்டு, மூன்றரை மணிக்கெல்லாம் போனைக் கழற்றிக்கொண்டு எழுந்துவிட்டேன். பக்கத்தில் கேமரா வழக்கம்போலப் பச்சையும் சிவப்புமாக மின்னிக்கொண்டிருந்தது. ஷிஃப்ட் முடியும்வரை மின்னியது.

மறுநாள் ஞாயிறு, லைன் விடுமுறை. எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து யூபிஎஸ் பேட்டரிகளை மாற்றிவிட்டுப் போயிருந்தார். அவருக்கு ஊர் குந்தாரப்பள்ளி. நிலம் இருக்கிறது, தக்காளியும் கேழ்வரகும் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காட்டு வேலையை விட்டுவிட்டு இதற்காக வந்தவர்.

திங்கள் காலை ஆறேகாலுக்கு அக்கா போன் செய்தார்.

"மேடம், கேமரா எழுந்திரிக்கல. பொட்டி ஆன் ஆவுது, உங்க புரோகிராம் மட்டும் வந்து வந்து மூடிக்குது."

வண்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சேரும்போது ஏழு மணிகூட ஆகவில்லை. திரையில் நீளமாகப் பிழைச் செய்தி நின்றது. கடைசி வரியைப் பார்த்தேன். நம்பை என்ற தொகுப்பில் ஏதோ ஒன்றின் அளவு மாறியிருக்கிறது, பைனரி பொருத்தம் இல்லாமல் இருக்கலாம் என்றது. அளவு, பைனரி என்ற இரண்டு சொற்கள்தான் மண்டையில் ஏறின. கோப்பு ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று முடிவு செய்துவிட்டேன். ஏன் கெட்டது? நேற்று கரன்ட்டை நிறுத்தியிருக்கிறார்கள். அவ்வளவுதான் என் விசாரணை.

எட்டு மணிக்குப் புரொடக்‌ஷன் மேனேஜர் வந்தார். பதினோரு மணிக்கு லாரி. கேமராவில் தேறாத பாகம் கேட்டைத் தாண்டக்கூடாது என்பது வாடிக்கையாளரோடு போட்ட ஒப்பந்தம்.

"என்னம்மா ஆச்சு?" என்றார்.

"நேத்து யூபிஎஸ் மாத்தியிருக்காங்க சார். சரியா ஷட்டௌன் பண்ணாம ஆஃப் பண்ணியிருப்பாங்க. ஃபைல் கரப்ட் ஆயிருச்சு."

இப்போது நினைத்தாலும், அந்த வாக்கியத்தை எவ்வளவு தெளிவாகச் சொன்னேன் என்பதுதான் உறுத்துகிறது. ஒரு தயக்கம்கூட இல்லை.

எலக்ட்ரீஷியன் அண்ணனை லைனுக்கே கூப்பிட்டார்கள். சுற்றி இருபது பேர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஷட்டௌன் குடுத்து, ஸ்க்ரீன் அணைஞ்சதுக்கப்புறம்தான் சார் மெயினை எறக்குனேன்" என்றார் அவர்.

"அப்ப எப்படி ஃபைல் போவும்? தானா போவுமா?"

"அது எனக்குத் தெரியாதுங்க சார். நான் ஒழுங்காத்தான் பண்ணேன்."

"ஒழுங்கா பண்ணியிருந்தா லைன் ஏன்யா நிக்குது? எழுதிக் குடுத்துட்டுப் போ."

அண்ணன் என்னை ஒரு தரம் பார்த்தார். மின் பேனல் அறைக்குப் போய்விட்டார்.

அக்காவும் இன்னும் மூன்று பேரும் பழைய மேசையை இழுத்துப் போட்டு, பிளக் கேஜை எடுத்து உட்கார்ந்தார்கள். கேஜின் ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக்கூடாது. ஒவ்வொரு பாகமாக, இரண்டு முனையும் வைத்து, சுண்ணாம்புக் கட்டியில் அடையாளம் போட்டார்கள். கேமரா திரும்ப வந்ததும் எல்லாவற்றையும் மறுபடி அதன் கீழே வைக்க வேண்டும். அதற்குள் சிவப்புகளையாவது ஒதுக்கிவைப்போம் என்று அக்காதான் ஆரம்பித்தார்.

நான் கணினியின் வட்டு கெட்டிருக்கிறதா என்று சோதிக்கும் கட்டளையை ஓட்டினேன். அது முடிய நேரம் பிடித்தது. முடிவில் ஒரு பிழைகூட இல்லை. கணினி எப்போது அணைந்தது என்ற பதிவைத் திறந்தேன். ஞாயிறு காலை முறைப்படி அணைக்கப்பட்டிருந்தது. அண்ணன் சொன்னது உண்மை.

அப்போதுதான் பிழைச் செய்தியை முதல் வரியிலிருந்து படித்தேன். நிரல் தொடங்கும்போதே, படத்தில் வட்டத்தின் விளிம்பைக் கண்டுபிடிக்கும் தொகுப்பை உள்ளே அழைக்கிறது. அது சி மொழியில் எழுதி, கணினிக்குப் புரியும் பைனரியாக முன்கூட்டியே தொகுத்து வைத்தது. அது நம்பையோடு ஒட்டித்தான் வேலை செய்யும். நம்பைக்குள் இருக்கும் ஓர் அமைப்பு நினைவகத்தில் இத்தனை பைட் நீளம் என்று, தொகுத்த அன்றைக்கு இருந்த கணக்கை அது தன் உள்ளேயே பொறித்து வைத்திருக்கிறது. செய்தியில் அந்த இரண்டு எண்களும் இருந்தன. தொண்ணூற்றாறு எதிர்பார்த்தேன், எண்பத்தெட்டு கிடைத்தது. காலையிலிருந்து என் கண்ணெதிரே நின்ற எண்கள்.

கெட்டுப்போன கோப்பு இப்படிப் பேசாது. இது வேறு பதிப்பு.

சூழலில் இருக்கும் தொகுப்புகளின் பட்டியலைக் கேட்டேன். ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று கடைசிப் பத்தியில் காட்டும். வரிசையாகக் காண்டாவின் களஞ்சியம், காண்டாவின் களஞ்சியம் என்று வந்துகொண்டே இருந்தது. நான் பிப்பில் போட்ட இரண்டைத் தவிர, நம்பைக்கு நேராகவும் பிப்பின் களஞ்சியம் என்று இருந்தது. பதிப்பு இரண்டில் தொடங்கியது. நான் வைத்திருந்தது ஒன்று புள்ளி இருபத்தாறு. அதன் கோப்புகள் இருக்கும் அடைவின் தேதியைப் பார்த்தேன். சனிக்கிழமை, மதியம் மூன்று மணி பத்து நிமிடம்.

நான் நிறுவிய அறிக்கைத் தொகுப்புக்குப் புதிய நம்பை வேண்டியிருந்திருக்கிறது. பிப் பழையதை நீக்கிவிட்டுப் புதியதைப் போட்டிருக்கிறது. பழைய நம்பையை நம்பித் தொகுக்கப்பட்ட மற்றவற்றைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. நடுவில் சிவப்பில் ஓடியது அந்த எச்சரிக்கையாகத்தான் இருக்க வேண்டும். சனிக்கிழமை கேமரா நிற்காததற்கும் காரணம் இருந்தது. ஓடிக்கொண்டிருந்த நிரல் தனக்கு வேண்டியதை எல்லாம் காலையிலேயே நினைவகத்தில் ஏற்றிக்கொண்டுவிட்டது. வட்டில் மாறியது அதற்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை யார் அணைத்திருந்தாலும், எப்படி அணைத்திருந்தாலும், திங்கட்கிழமை அது எழுந்திருக்காது.

மணி பத்து. எழுந்து போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டிய நேரம் அது. நான் போகவில்லை. முதலில் சரிசெய்துவிடுவோம், அப்புறம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது. சத்தமில்லாமல் சரியாகிவிட்டால் சொல்லவே வேண்டாமோ என்றும் தோன்றியது. அதை மறைத்து எழுதுவதில் அர்த்தம் இல்லை.

காண்டாவிடம் பழைய நம்பையை நிறுவச் சொன்னேன். கேட்டது எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது என்றது. அதனுடைய பதிவேட்டில் இன்னும் ஒன்று புள்ளி இருபத்தாறுதான் இருந்தது. பிப் செய்த மாற்றம் அந்த ஏட்டில் ஏறவில்லை. பழைய நிலைக்குத் திரும்பும் கட்டளையைப் பார்த்தேன். அது பார்க்கும் மாற்ற வரலாற்றிலும் சனிக்கிழமை என்று ஒரு நாளே இல்லை. பொறுமை போய், கட்டாயமாக மறுபடி நிறுவு என்றேன். கணினியிலேயே சேமிப்பில் இருந்த பழைய பொதியை எடுத்து அது எழுதிவிட்டது. இப்போது பிழை மாறியது. நம்பையே உள்ளே வர மறுத்தது. அடைவைத் திறந்தால் பழைய பதிப்பின் கோப்புகளுக்கு நடுவே, புதியதற்கு மட்டும் உரிய கோப்புகள் அப்படியே கிடந்தன. ஒரே பெயரில் இரண்டு தொகுப்புகள், பாதி பாதி. காலையில் ஒரு தொகுப்பு வரவில்லை. இப்போது எதுவுமே வரவில்லை.

"மேடம், ஆய்தா?" என்று மேசையிலிருந்து அக்கா கேட்டார்.

"இன்னும் இல்லக்கா."

பதினோரு மணி லாரி கேட்டுக்கு வெளியே நின்றது.

செய்ய வேண்டியது என்ன என்பது அப்போது தெளிவாகவே தெரிந்தது. இந்தச் சூழலைத் தொடவே கூடாது. புதிதாக ஒன்றை முதலிலிருந்து கட்ட வேண்டும். ஆனால் அதற்கு நிறைய இறக்க வேண்டும். என் போனோ அன்றைக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கர்நாடக டவரைப் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தது. நல்வரவு சொல்லிக் குறுஞ்செய்தி மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. லைனுக்குள் நன்றாக வேலை செய்யும் இணைப்பு யாரிடம் இருக்கிறது என்று அக்காவிடம் கேட்டேன்.

"எலக்ட்ரீஷியன் அண்ணன்கிட்ட. வீடியோகூட நிக்காம ஓடும்."

பேனல் அறைக்குப் போனேன். அவர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, தொடையில் காகிதத்தை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். மேனேஜர் கேட்ட விளக்கக் கடிதம். நான்கு வரி எழுதி இரண்டை அடித்திருந்தார்.

"அண்ணே, அத எழுதாதீங்க" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார்.

"தப்பு என்னோடது. சனிக்கெழம நான் ஒண்ணு இன்ஸ்டால் பண்ணேன். அதுல உள்ள இருந்த ஒரு பார்ட் வேற சைஸ்ல மாறிப்போச்சு. நீங்க சரியாத்தான் ஆஃப் பண்ணியிருக்கீங்க. லாக்ல இருக்கு, பாத்தேன்."

"எப்ப பாத்தீங்க?"

"பத்து மணிக்கு."

சுவரில் கடிகாரம் இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை, நான்தான் பார்த்தேன். பன்னிரண்டு ஆகப் பத்து நிமிடம்.

"என்கிட்ட சொல்லி என்னாங்க ஆவப்போவுது?" என்றார். குரல் உயரவில்லை. "எங்க வெச்சுப் பேசுனீங்களோ அங்க வெச்சுச் சொல்லுங்க. எல்லாரும் கேட்டாங்க இல்ல?"

"சொல்றேன்ணே." அதற்குமேல் நின்று, போன் வேண்டும் என்று கேட்பதற்கு வாய் வரவில்லை. ஆனாலும் கேட்டேன். காரணத்தையும் சொன்னேன்.

அவர் பேனாவை மூடிச் சட்டையில் குத்திக்கொண்டார். போனின் பூட்டைத் திறந்து, ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, என் கையில் கொடுத்தார். "சார்ஜ் கம்மியா இருக்கு. சார்ஜர்ல போட்டு வெச்சுக்கோங்க."

மேனேஜர் கேண்டீனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். லைனில் வைத்துத்தான் சொன்னேன். அக்காவும் மற்ற மூவரும் கேஜைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

"காலைல ஏன் அவரச் சொன்ன?"

"பாக்காம சொல்லிட்டேன் சார்."

"எப்ப தெரிஞ்சுது?"

"பத்து மணிக்கு."

"ரெண்டு மணி நேரம் என்ன பண்ண?"

"யாருக்கும் தெரியாம சரி பண்ணப் பாத்தேன். இன்னும் கெட்டுப்போச்சு."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "பத்து மணிக்குச் சொல்லியிருந்தா லாரிய வேற லோடுக்கு அனுப்பியிருப்பேன்" என்றார். "எத்தனை மணிக்கு ஓடும்னு சொல்லு. பாக்காம சொல்லாத."

"நாலு மணி சார்."

சாப்பிடப் போகாமல் உட்கார்ந்தேன். முதலில் கணினியை விட்டுவிட்டு ஒரு தாளில் எழுதினேன். எனக்கு உண்மையிலேயே என்னென்ன தொகுப்பு வேண்டும், எந்தப் பதிப்பு. எட்டுதான் வந்தது. அவற்றில் ஏழு காண்டாவிலேயே, ஒரே களஞ்சியத்தில் கிடைத்தன. புதுச் சூழல் ஒன்றைத் திறந்து, அந்த ஏழையும் ஒன்றொன்றாக இல்லாமல் ஒரே கட்டளையில் கேட்டேன். நம்பை இரண்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்றும் சேர்த்தேன். ஒன்றாகக் கேட்டால்தான் ஒன்றுக்கொன்று பொருந்தும் பதிப்புகளாகப் பார்த்து அது எடுக்கும்.

அண்ணனின் போன் நிற்காமல் இறக்கியது. நடுவில் அவருக்கு ஓர் அழைப்பு வந்தது. ஓடிப்போய்க் கொடுத்தேன். யாரோ தக்காளிப் பெட்டிகளைப் பற்றிக் கேட்டார்கள். பேசி முடித்துத் திருப்பித் தந்தார்.

மீதி ஒன்று, கேமராவோடு பேசும் தொகுப்பு. அது பிப்பில் மட்டும்தான் உண்டு. அதைக் கடைசிக்கு வைத்திருந்தேன். இந்தத் தடவை நிறுவுவதற்கு முன், என்ன செய்வாய் என்று பிப்பைச் சொல்ல மட்டும் சொன்னேன். ஒரே ஒரு தொகுப்பைச் சேர்ப்பேன், வேறு எதையும் தொடமாட்டேன் என்று காட்டியது. ஒவ்வொரு வரியையும் படித்தேன். பிறகுதான் நிறுவினேன்.

பட்டியலைக் கேட்டேன். நம்பைக்கு நேராகக் காண்டாவின் களஞ்சியம். தொகுப்புகளை ஒவ்வொன்றாக உள்ளே அழைத்துப் பார்த்தேன். எட்டும் சத்தமில்லாமல் வந்தன. நிரலை ஓட்டினேன். ஜன்னல் திறந்தது. திறந்தபடி நின்றது.

உடனே லைனுக்கு விட்டுவிடவில்லை. விட்டம் தெரிந்த மாஸ்டர் பீஸை வைத்துப் பத்து முறை அளந்து, பழைய பதிவோடு ஒப்பிட்டேன். ஒத்துப்போனது. "அக்கா, வைங்க" என்றேன். மூன்று நாற்பது.

காலையிலிருந்து கையில் பார்த்த பாகங்கள் எல்லாம் கேமராவின் கீழே வந்தன. அக்கா சுண்ணாம்பில் பெருக்கல் குறி போட்டவற்றுக்கெல்லாம் கேமராவும் சிவப்பு போட்டது. அவர்கள் சரி என்றதில் இரண்டுக்கு மட்டும் சிவப்பு வந்தது. அக்கா அந்த இரண்டையும் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். கேஜை மறுபடி நுழைத்தார். "ஒரு பக்கமா அமுங்கியிருக்கு. கேஜுல தெரியாது இது" என்று சொல்லி ஒதுக்கி வைத்தார். ஐந்தரைக்கு லாரி கிளம்பியது.

போனைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அண்ணன் ஷிஃப்ட் முடிந்து வண்டியை எடுத்துக்கொண்டிருந்தார். விளக்கக் கடிதத்தைக் கொடுத்துவிட்டாரா என்று கேட்டேன். "கிழிச்சிட்டேன்" என்றார். நன்றி சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் காரணம் தேடும் ஒய்-ஒய் தாளை நிரப்ப வேண்டும். ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே போகிற தாள். லைன் பலகையில் எல்லாரும் பார்க்கும்படி அது ஒட்டப்படும். முந்தின நாள் காலை யாரோ அவசரத்தில் முதல் கட்டத்தில் யூபிஎஸ் வேலை என்று எழுதிவைத்திருந்தார்கள். அதை அடித்துவிட்டு, என் கையெழுத்தில் எழுதினேன். ஓடும் சூழலில் சோதிக்காமல் பிப்பில் நிறுவியது. எச்சரிக்கையைப் படிக்காதது. காரணம் தெரிந்தும் இரண்டு மணி நேரம் தெரிவிக்காதது. மூன்றாவதை எழுதத் தேவையில்லை, அது தொழில்நுட்பக் காரணம் இல்லையே என்றார் மேனேஜர். இருக்கட்டும் சார் என்றேன். அண்ணன் கூட்டத்தின் பின்வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கலைந்து போகும்போது என் பக்கத்தில் வந்தார். "மேடம், இனிமேலு கேமரா நின்னா மொதல்ல என்ன ஒரு வார்த்த கேளுங்க. அப்புறமா சார்கிட்ட போங்க."

"கேக்கறேன்ணே."

அதற்குப் பிறகும் இரண்டு மூன்று வாரம் என்னிடம் வேலையைத் தவிர வேறு பேசவில்லை. எதிரே வந்தாலும் சிரிக்கவில்லை. அது நியாயம்தான் என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் கேண்டீனில் இடமில்லாமல் என் எதிரே வந்து உட்கார்ந்து, மத்திகிரியில் தண்ணீர் எப்படி வருகிறது என்று தானாகவே கேட்டார். போர்வெல் தண்ணீரைப் பற்றி அரைமணி நேரம் பேசினோம்.

சூழலில் உள்ள தொகுப்புகளையும் பதிப்புகளையும் இப்போது ஒரு கோப்பில் எழுதி மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன். அதைக் கொடுத்தால் எந்தக் கணினியிலும் அதே சூழலை மறுபடி கட்டிவிடலாம். எதைப் புதிதாகச் சேர்ப்பதென்றாலும் வீட்டு மடிக்கணினியில் ஒரு நகலைக் கட்டி, முதலில் அதில் பார்க்கிறேன். வாடிக்கையாளர் கேட்ட பரவல் படத்துக்கு இன்னொரு சூழலைத் தனியாக வைத்துவிட்டேன். அளவுகள் ஒரு சாதாரணக் கோப்பில் எழுதப்படும். அறிக்கை நிரல் தன் சூழலிலிருந்து அதை எடுத்துப் படிக்கும். அதற்கு எந்த நம்பை வேண்டுமோ அதை அது வைத்துக்கொள்ளட்டும்.

போன மாதம் அந்த அறிக்கைத் தொகுப்புக்கு ஒரு புதிய பதிப்பு வந்தது. நிறுவினேன். சிவப்பில் இரண்டு வரி வந்தது. லைனில் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் நிறுத்தி, அந்த இரண்டு வரியையும் உட்கார்ந்து படித்தேன்.